முறிமருந்து போடுவதற்கு முன்: எந்த மருந்தை முறிக்கிறோம்?

காரைக்குடியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும் இருப்பார்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவரிடம் நான் செய்த தவறு இது.

அவருக்கு 76 வயது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிட்டு வந்தார். வீடு கழுவிய ஈரம் காயாத ஆத்தங்குடிக் கல்லில் கால் வழுக்கித் தலை அடிபட்டது. இரண்டு மணி நேரத்தில் பேச்சு குழறி, அரைத் தூக்கத்தில் கொண்டுவந்தார்கள். ஸ்கேனில் மண்டையோட்டுக்குள் மூளையின் மேல் ரத்தம் கட்டியிருந்தது. கையோடு எடுத்து வந்த ஃபைலில் அசிட்ரோம் 2 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 1.3.

அசிட்ரோம் என்று பார்த்ததும் வைட்டமின் கே 10 மில்லிகிராம் நரம்பில் ஏற்றச் சொன்னேன். அந்த 1.3 என்னை நிறுத்தியிருக்க வேண்டும். அசிட்ரோம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும். 1.3 என்றால் அவர் மாத்திரையை விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும். நான் எதையும் கேட்கவில்லை.

வெளியே உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் பிறகுதான் போய்க் கேட்டேன். "தம்பி, நாலு மாசமா அது இல்லை. மகன் வந்திருந்தப்ப வேற டாக்டர்கிட்ட காட்டி மாத்திட்டான். இப்ப நீல மாத்திரைதான், காலையும் ராத்திரியும்" என்றார்கள். மடியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார்கள். உள்ளே பெயரில்லாத ஏழு நீல காப்ஸ்யூல்கள். மகனுக்கு போன் போட்டதும் பெயர் தெரிந்தது: டாபிகாட்ரான்.

இங்கே வைட்டமின் கே ஏன் உதவாது என்று சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும். அசிட்ரோமும் அதே வகை மருந்தான வார்ஃபரினும் அந்த வேலையைத்தான் தடுக்கின்றன. அதனால் வைட்டமினைக் கூடக் கொடுத்தால் கல்லீரல் மறுபடி வேலையைத் தொடங்கும். டாபிகாட்ரான் கல்லீரலின் அந்த வேலையைத் தொடுவதே இல்லை. செய்து முடித்த த்ராம்பின் என்ற நொதியின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. கல்லீரல் எவ்வளவு புதிதாகச் செய்தாலும், ரத்தத்தில் ஓடும் மருந்து அதையும் பிடித்துவிடும்.

அடுத்த தவறு, ஐ.என்.ஆர். கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது, மருந்து உடம்பில் இல்லை என்று நினைப்பது. டாபிகாட்ரான் அந்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியாது. த்ராம்பின் சேர்த்தால் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று காட்டும் த்ராம்பின் டைம் பார்க்க வேண்டும். அது இயல்பாக வந்தால் மருந்து பொருட்படுத்தும் அளவில் இல்லை என்று நம்பலாம். எங்கள் நோயாளிக்கு இரண்டு நிமிடமாகியும் உறையவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.9 இருந்தது, அது அதிகம். இந்த மருந்தில் ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்தச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு மருந்து தானாகப் போகும் என்று காத்திருக்க முடியாது.

இதற்கென்றே இருக்கிற முறிமருந்து இடருசிசுமாப். இது எதிர்ப்புரதத்தின் ஒரு துண்டு. த்ராம்பினைவிடச் சுமார் 350 மடங்கு இறுக்கமாக டாபிகாட்ரானைப் பிடித்துக்கொள்ளும். எடையைப் பார்த்து அளவு மாற்றுவதில்லை. மொத்தம் 5 கிராம், 2.5 கிராம் குப்பிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நரம்பில். சில நிமிடங்களிலேயே மருந்தின் வேலை நின்றுவிடும். எங்களிடம் அது இல்லை. மதுரைக்கு அனுப்பினோம். அனுப்புவதற்கு முன்பே அங்கே போன் செய்து, மருந்தின் பெயர், கடைசி காப்ஸ்யூல் சாப்பிட்ட நேரம் (காலை 7 மணி), த்ராம்பின் டைம், கிரியேட்டினின் நான்கையும் சொன்னோம். குப்பிகள் ஆம்புலன்சுக்கு முன்பே தயாராக இருந்தன. ஏற்றிய பிறகு எடுத்த த்ராம்பின் டைம் இயல்பாக வந்தது, அறுவை சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. திசுக்களில் தங்கிய மருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்தத்துக்குத் திரும்பலாம், சிறுநீரகம் கெட்டவர்களிடம் இன்னும் அதிகம். அவருக்கு மறுநாள் காலையிலும் த்ராம்பின் டைம் பார்த்தார்கள்.

இந்த எதிர்ப்புரதம் "புது மாத்திரைகள்" எல்லாவற்றுக்கும் பொது என்று நினைப்பவர்களும் உண்டு. இல்லை. ரிவராக்ஸபான், அபிக்ஸபான் இரண்டும் பத்தாம் காரணி என்ற வேறொரு புரதத்தைத் தடுப்பவை. அவற்றுக்கு இடருசிசுமாப் போட்டால் விலை உயர்ந்த மருந்து வீணாவதோடு நேரமும் போகும். அவற்றுக்கென்று வந்த ஆண்டெக்சனெட் எதிர்ப்புரதமே அல்ல, மருந்தை ஏமாற்றிப் பிடிக்கிற போலிப் பத்தாம் காரணி. அது கையில் இல்லாதபோது, உறைவுப் புரதங்களைச் செறிவாக்கிய பி.சி.சி. கொடுப்பார்கள்.

அன்று வந்தவர் உண்மையிலேயே அசிட்ரோம் சாப்பிட்டிருந்தால்? அப்போதும் வைட்டமின் கே மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது தவறுதான். அது வேலை செய்யத் தொடங்கவே 4 முதல் 6 மணி நேரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஒரு நாள் வரை ஆகலாம். மூளையில் கசியும் ரத்தம் அதுவரை காத்திருக்காது. அந்த இடைவெளியை பி.சி.சி. நிரப்பும். ஐ.என்.ஆர். 5 உள்ள 60 கிலோ எடைக்காரருக்கு, கிலோவுக்கு 35 யூனிட் என்று கணக்கிட்டால் 2100 யூனிட். பி.சி.சி. இல்லாமல் பிளாஸ்மா கொடுத்தால் கிலோவுக்கு 15 மில்லி என்று 900 மில்லி ஏற்ற வேண்டும், பலவீனமான இதயம் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பி.சி.சி.யை மட்டும் கொடுத்து வைட்டமினை மறப்பதும் உண்டு. வெளியிலிருந்து கொடுத்த புரதம் சில மணி நேரத்தில் குறைந்துவிடும், ஐ.என்.ஆர். மறுபடி ஏறும்.

வைட்டமின் கே குப்பியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பைட்டோமெனாடியோன் என்று இருக்க வேண்டும், அதுதான் கே1. மெனாடியோன் என்று இருந்தால் அது கே3, வார்ஃபரினை முறிக்க அது பயன்படாது. தசையில் ஊசியாகப் போட்டால் போட்ட இடத்திலேயே ரத்தம் கட்டும். நரம்பில்தான், கரைத்து 20, 30 நிமிடங்களில் மெதுவாக.

இன்னொரு முறிமருந்தான புரோட்டமைன், ஊசியாகக் கொடுக்கும் உறைவுத் தடுப்பு மருந்தான ஹெப்பாரினுக்கு உரியது, மேலே சொன்ன எந்த மாத்திரையையும் அது தொடாது. 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மில்லிகிராம், ஒரே தடவையில் 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காலையிலிருந்து ஏற்றிய ஹெப்பாரின் முழுவதையும் கூட்டுவதுதான் இங்கே நடக்கும் பிழை. மணிக்கு 1000 யூனிட் ஓடிக்கொண்டிருந்தால், கடைசி இரண்டு, இரண்டரை மணி நேரத்தை மட்டும் எடுத்து 20 முதல் 25 மில்லிகிராம் போதும். முன்னால் ஏற்றியது பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். அளவு மிஞ்சினால் புரோட்டமைனே உறைவைக் கெடுக்கும். ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸாபாரின் ஊசியை அது முழுதாக முறிக்காது, பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்; ஃபொண்டாபாரினக்ஸ் என்ற இன்னொரு உறைவுத் தடுப்பு ஊசியை முறிக்கவே முறிக்காது. வேகமாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், அதனால் பத்து நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். இது மீனிலிருந்து எடுத்த புரதம். மீன் ஒவ்வாமை உள்ளவர்களிடமும், புரோட்டமைன் கலந்த என்.பி.எச். இன்சுலின் போட்டுவந்த சர்க்கரை நோயாளிகளிடமும் முன்கூட்டியே கேட்டுவிட்டு, அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குகிறோம்.

அந்த எவர்சில்வர் டப்பா பற்றி ஆச்சியிடம் பின்னால் சொன்னேன். டாபிகாட்ரான் காப்ஸ்யூல் ஈரக்காற்றில் கெட்டுப்போகும், அது வந்த அட்டையிலேயே இருக்க வேண்டும். அட்டையில் பெயரும் இருக்கும்.