இடம் மாறி உட்கார்ந்த பத்திகள்: பின்சட்டகம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுரை எழுதுவதற்கு முன் போடுவது சட்டகம். எழுதி முடித்த பிறகு, கட்டுரையிலிருந்தே அதை மறுபடியும் உருவி எடுத்தால் அது பின்சட்டகம். ஒவ்வொரு பத்தியையும் படித்து, அது என்ன சொல்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதி வைக்கிறோம். பத்திகளை விட்டுவிட்டு அந்த வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்க்கிறோம். வேலை இவ்வளவுதான். தவறான பகுதியில் போய் உட்கார்ந்துவிட்ட பத்தியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் பலர் இதைச் செய்துவிட்டு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று எழுந்துவிடுகிறார்கள். முறையில் குறை இல்லை. செய்யும் விதத்தில்தான் இருக்கிறது.

நான் திருத்திக் கொடுத்த ஒரு கட்டுரையை வைத்தே விளக்குகிறேன். சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாடு பற்றி ஒரு மாணவி எழுதியது. மொத்தம் 12 பத்திகள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டதை முன்னுரை சொன்னது. 2 முதல் 4 வரை 'நீர் ஆதாரங்கள்', 5 முதல் 8 வரை 'காரணங்கள்', 9 முதல் 11 வரை 'நடவடிக்கைகள்', கடைசியில் முடிவுரை. தகவல்கள் சரியாக இருந்தன, நடையும் நன்றாக இருந்தது. இருந்தும் படித்து முடித்தவருக்கு, தண்ணீர் ஏன் தீர்ந்தது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. மாணவி பின்சட்டகமும் போட்டிருந்தார். அது இப்படி இருந்தது:

2. நான்கு ஏரிகள்
3. கிருஷ்ணா நீர்
4. வீராணம்
5. 2018 பருவமழை
6. ஆழ்துளைக் கிணறுகள்
7. மழைநீர் சேகரிப்பு
8. 2015 வெள்ளம்
9. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்
10. ஜோலார்பேட்டை ரயில்
11. கழிவுநீர் சுத்திகரிப்பு

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: வாக்கியம் எழுத வேண்டிய இடத்தில் பெயர்ச்சொல்லை எழுதுவது. 'கிருஷ்ணா நீர்' என்பது பத்தி எதைப் பற்றியது என்று சொல்கிறதே தவிர, அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று சொல்லவில்லை. கிருஷ்ணா நீர் சென்னைக்கு ஓர் ஆதாரம். ஆகவே 'நீர் ஆதாரங்கள்' என்ற தலைப்பின் கீழ் அதைப் பார்க்கும் கண் தடையில்லாமல் கடந்து போய்விடுகிறது. பெயர்ச்சொல் எந்தப் பகுதியோடும் ஒத்துப்போகும் என்பதுதான் ஆபத்து.

மூன்றாம் பத்தியைத் திரும்பப் படித்து, வினைச்சொல்லில் முடியும் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். அவர் எழுதியது: "1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும், 1996-இல் நீர் வரத் தொடங்கியும் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவு முழுதாக வரவில்லை." எழுதி முடித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பத்தி ஓர் ஆதாரத்தை அறிமுகம் செய்யவில்லை. தட்டுப்பாட்டுக்கு ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. காரணங்களில் வலுவான ஒன்று, இரண்டு பக்கம் முன்னாலேயே, யாரும் காரணத்தைத் தேடாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. படித்தவருக்குப் பதில் கிடைக்காமல் போனதற்கு இதுவே முக்கிய காரணம்.

வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பத்தி கட்டுரைக்கு என்ன வேலை செய்கிறது? அறிமுகம் செய்கிறதா, காரணம் காட்டுகிறதா, சான்று தருகிறதா, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்கிறதா? இரண்டு மூன்று சொற்கள் போதும். சொல்வதற்கு ஒரு பக்கம், செய்வதற்கு ஒரு பக்கம் என்று தாளை நீளவாக்கில் பிரித்துக்கொண்டால் வசதி. இந்த இரண்டாவது குறிப்பை வீண் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அது எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை மாணவியின் எட்டாம் பத்திக்கு வரும்போது பார்ப்போம்.

அடுத்த தவறு, நினைவிலிருந்து எழுதுவது. எழுதியவருக்குத் தன் பத்தி என்ன சொல்ல *வேண்டும்* என்று தெரியும். அதனால் பத்தியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, எழுத நினைத்ததையே குறித்துவிடுகிறார். பழைய சட்டகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இது இன்னும் எளிதாக நடந்துவிடும். கிடைப்பது பின்சட்டகம் அல்ல, முன்பு போட்ட சட்டகத்தின் நகல். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு: உங்கள் குறிப்பில் இருக்கும் கருத்தைப் பத்தியில் எந்த வாக்கியம் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தக் குறிப்பு உங்கள் தலையிலிருந்து வந்தது. கட்டுரையை அச்செடுத்து, பத்திகளுக்கு எண் போட்டு, கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்தியை நோக்கி வந்தால் நினைவின் பிடி தளரும். முந்தைய பத்தியின் ஓட்டத்தில் இழுபடாமல் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க முடியும்.

மூன்றாவது தவறு பகுதித் தலைப்புகளைப் பற்றியது. பத்திகளைச் சோதிக்கிறோம், ஆனால் அவற்றை அளக்கும் கோலைச் சோதிப்பதில்லை. 'நீர் ஆதாரங்கள்' என்ற தலைப்பு எதை உள்ளே விடும், எதை வெளியே நிறுத்தும்? 'பின்னணி' என்று ஒரு தலைப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உலகத்தில் உள்ள எல்லாமே பின்னணிதான். ஆகவே பத்திகளைப் பொருத்திப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பத்திக்குத்தான் அந்தப் பகுதியில் இடம்.

இந்தக் கட்டுரையில் அப்படி மாற்றிப் பார்த்தபோது வேறொரு சிக்கல் வெளியே வந்தது. கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியிலிருந்து 2004-இல் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த திட்டம் 'ஆதாரங்கள்' பகுதியில் இருந்தது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் ஆலைகள் 'நடவடிக்கைகள்' பகுதியில் இருந்தன. இரண்டுமே நகருக்குப் புதிதாக நீர் கொண்டுவந்த திட்டங்கள். ஒன்று அங்கே, ஒன்று இங்கே ஏன்? மாணவியிடம் பதில் இல்லை.

இப்படி ஒரே இனத்துப் பத்திகள் இரண்டு பகுதிகளில் சிதறிக் கிடந்தால் பத்திகளை நகர்த்தத் தொடங்காதீர்கள். பிழை பகுதிகளின் எல்லையில் இருக்கிறது. முதல் பகுதியின் கேள்வியை "நகரம் எந்த நீரை நம்பி வளர்ந்தது?" என்றும், மூன்றாவதை "நம்பிய நீர் போதாதபோது அரசு என்ன செய்தது?" என்றும் எழுதினோம். உடனே வீராணம் தானாக மூன்றாம் பகுதிக்குப் போயிற்று. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகள் முதல் பகுதியில் நின்றன. எல்லையைத் திருத்தாமல் பத்திகளை மட்டும் நகர்த்தியிருந்தால் மறுநாள் அவை பழைய இடத்துக்கே திரும்ப வந்திருக்கும்.

நான்காவது: பிரிக்க வேண்டிய பத்தியை முழுதாகத் தூக்கி வேறிடத்தில் வைப்பது. ஏழாம் பத்தி 'காரணங்கள்' பகுதியில் இருந்தது. அதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முயன்றபோது இப்படி வந்தது: "2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது, ஆனால் பராமரிக்கப்படாத அமைப்புகளால் நிலத்தடிக்கு நீர் இறங்கவில்லை." முன்பாதி அரசின் நடவடிக்கை, பின்பாதி தட்டுப்பாட்டின் காரணம். முழுப் பத்தியையும் 'நடவடிக்கைகள்' பகுதிக்கு மாற்றினால் ஒரு காரணம் காணாமல் போகும். இருந்த இடத்திலேயே விட்டால் ஒரு நடவடிக்கை ஒளிந்துகொள்ளும். குறிப்பு எழுதும்போது நடுவில் 'ஆனால்', 'மேலும்', 'அதே சமயம்' போன்ற சொல் தேவைப்பட்டால் பத்தியில் இரண்டு வேலைகள் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். எல்லா 'ஆனால்'களும் அப்படி அல்ல. இரண்டு பாதிகளும் இரண்டு வெவ்வேறு பகுதிகளின் கேள்விகளுக்குப் பதிலாக இருந்தால் மட்டுமே வெட்ட வேண்டும். இங்கே வெட்டினோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பொருந்தாததுபோல் தெரியும் பத்தியை அவசரப்பட்டு வெளியேற்றுவது. எட்டாம் பத்தி 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியது. தட்டுப்பாட்டைப் பேசும் கட்டுரையில், அதுவும் காரணங்களுக்கு நடுவே, வெள்ளம் எதற்கு? சொல்வதை மட்டும் எழுதியிருந்தால் நானே அதை நீக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் செய்யும் வேலையையும் எழுதியபோது "எதிர்வாதத்துக்குப் பதில்" என்று வந்தது. ஐந்தாம் பத்தி 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததைச் சொல்கிறது. படிப்பவர் "அப்படியானால் மழை குறைந்ததுதான் காரணம்" என்று முடிவுகட்டிவிடலாம். நான்கு ஆண்டுகளுக்கு இடையில் வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே நகரம் பார்த்தது என்று காட்டி, வந்த மழையைத் தேக்கி வைக்காததும் காரணம் என்று அந்தப் பத்தி வாதிடுகிறது. பகுதி சரி. ஐந்தாம் பத்திக்கு அடுத்து வந்திருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்கும். இரண்டு பத்திகள் தள்ளி இருந்ததால்தான் அந்நியமாகத் தெரிந்தது.

கடைசியாக, பத்தியை நகர்த்திய பிறகு தையலைப் பார்க்காமல் விடுவது. கிருஷ்ணா நீர்ப் பத்தி "இந்த ஏரிகள் மட்டும் போதாது என்று உணர்ந்தபோது" என்று தொடங்கியது. பழைய இடத்தில் 'இந்த ஏரிகள்' இரண்டாம் பத்தியைச் சுட்டியது. புதிய இடத்தில் எதையும் சுட்டவில்லை. டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி என்ற விளக்கமும் அந்தப் பத்தியில்தான் இருந்தது. பத்தி பின்னால் போனதும், அதற்கு முன்பே அந்த அலகைப் பயன்படுத்திய ஏரிகள் பத்தி விளக்கமில்லாமல் நின்றது. விளக்கத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். முதல் பகுதியில் கிருஷ்ணா நீர் 1996 முதல் வருகிறது என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவைத்தோம், ஏனென்றால் நகரம் நம்பியிருந்த நீரில் அதுவும் ஒன்று. நகர்த்திய ஒவ்வொரு பத்திக்கும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: அதன் முதல் வாக்கியம், அது விட்டுச்சென்ற இடைவெளியின் இருபுறம், அது புதிதாக நுழைந்த இடத்துக்கு அடுத்த பத்தியின் தொடக்கம். 'இதனால்', 'மேற்கூறிய', 'இவ்வாறு' என்ற சொற்கள்தான் பெரும்பாலும் அறுந்து தொங்கும்.

இத்தனைக்கும் பிறகு மாற்றிய பகுதிகளுக்கு மட்டும் புதிதாகப் பின்சட்டகம் போட்டுப் பார்த்தோம். 'காரணங்கள்' பகுதி இப்போது பருவமழை பொய்த்ததில் தொடங்கியது. 2015-இல் வந்த மழை தேங்காமல் போனதும், ஒப்பந்த நீர் முழுதாக வராததும், ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சியதும் அடுத்தடுத்து வந்தன. சேகரிப்பு அமைப்புகள் பராமரிக்கப்படாததில் பகுதி முடிந்தது. முடிவுரையின் முதல் வாக்கியம் மட்டும் "மழை பொய்த்ததால்" என்றே இன்னும் தொடங்கிக்கொண்டிருந்தது. அதை மாணவி அன்றே மாற்றி எழுதினார்.