இரண்டு மாடி வீட்டுக்குப் பொருள் அளவுப் பட்டியல் கேட்டு கான்ட்ராக்டருக்கு எழுதும் கடிதம்

சிராங்கூன் கார்டனில் அக்காவின் பழைய தரை வீட்டை இடித்து இரண்டு மாடியாகக் கட்ட, மச்சான் ஒரு கொட்டேஷன் வாங்கி வந்தார். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "கான்கிரீட் வேலை – 1 லாட்". பக்கத்தில் ஆறு இலக்கத் தொகை. எத்தனை கன மீட்டர், எத்தனை கிலோ கம்பி என்று எதுவும் இல்லை. பாதியில் ஒரு சுவரை நகர்த்தச் சொன்னால் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கான்ட்ராக்டர் சொன்னதுதான் கணக்கு. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இந்தக் கடிதம் போக வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது என்றில்லை, ஆனால் அவருக்கு அவசரம் இருக்காது.

முதலில் டிராயிங்கை எடுத்து வையுங்கள்

கட்டடக் கலைஞரின் அழகான படங்கள் போதாது. கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் இன்ஜினியர் கையெழுத்திட்ட கட்டமைப்பு டிராயிங்தான் ஆதாரம். ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் எண்ணும், எத்தனையாவது திருத்தம் என்ற எழுத்தும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் பழைய திருத்தத்தை வைத்து அளந்தால் பட்டியல் முழுவதும் வீண்.

இன்னொன்று, மாடிப் பெயர். சிங்கப்பூரில் தரைத் தளமே முதல் மாடி, அதற்கு மேலே உள்ளது இரண்டாம் மாடி. ஊரில் பழகிய மேஸ்திரிக்கு 'முதல் மாடி' என்றால் மேலே இருப்பது. மச்சானும் கான்ட்ராக்டரும் தேக்காவில் டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம் வெவ்வேறு தளத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்! கடிதத்தில் 'டிராயிங்கில் உள்ள பெயர்ப்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கடிதம்

எங்கள் கான்ட்ராக்டர் தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதினோம். எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தன் விலையை வேறொருவரிடம் காட்டி பேரம் பேசப் போகிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைப்பதிலும் நியாயம் உண்டு.

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். எங்கள் இரண்டு மாடி வீட்டுக்கு நீங்கள் கொடுத்த கொட்டேஷன் கிடைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பொருள்வாரியான அளவுப் பட்டியல் ஒன்று தேவைப்படுகிறது. மொத்த விலையைக் குறைக்கக் கேட்கவில்லை. உங்கள் விலையை வேறு யாரிடமும் காட்டவும் மாட்டோம். கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கும்போதும், நடுவில் வேலை கூடினாலோ குறைந்தாலோ கணக்குப் பார்க்கவும் இது வேண்டும்.
>
> எஸ்-01 முதல் எஸ்-09 வரையான கட்டமைப்பு டிராயிங்குகளை (திருத்தம் பி) வைத்து அளவெடுங்கள். டிராயிங்கில் உள்ள பெயர்ப்படி மாடிவாரியாக, அஸ்திவாரம், தூண், பீம், தளம், படிக்கட்டு எனத் தனித்தனி வரியாகக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் கான்கிரீட் கன மீட்டரிலும், கம்பி கிலோவிலும், பலகை அடைப்பு சதுர மீட்டரிலும் இருக்கட்டும். வரிக்கு வரி அளவு, அலகு விலை, தொகை மூன்றும் தெரிய வேண்டும்.
>
> அளவுகள் டிராயிங்கில் உள்ள நிகர அளவாக இருக்கட்டும். சேதாரத்தை அலகு விலைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். டைலுக்குப் பொருள் விலை வேறு, பதிக்கும் கூலி வேறு எனப் பிரித்துக் காட்டுங்கள். பைலிங் நீளம் மண்ணைப் பொறுத்து மாறும் என்பதால் அதை உத்தேச அளவாகப் போட்டு, மீட்டருக்கு என்ன விலை என்று குறிப்பிடுங்கள். ஜிஎஸ்டி கடைசியில் தனி வரியாக வரட்டும்.
>
> இரண்டு வாரத்தில் எக்செல் கோப்பாக அனுப்பினால் உதவியாக இருக்கும். இந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்க விரும்புகிறோம்.
>
> நன்றி.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இணைக்கப்படாத பட்டியல் வெறும் தகவல் தாள். "அளவுகள் குறிப்புக்கு மட்டும்" என்று அவர் எழுதிக் கொடுத்தால் பதறவும் வேண்டாம். மொத்தத் தொகை ஒப்பந்தத்தில் அளவு தப்பினால் நஷ்டம் அவருடையது என்பதால் அப்படி எழுதுவது வழக்கம்தான். அலகு விலைகளாவது ஒப்பந்தத்தில் சேர வேண்டும் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் வந்ததும் ஒரு வரியை மட்டும் அளந்து பாருங்கள்

எல்லா வரியையும் சரிபார்க்க நம்மால் ஆகாது, தேவையும் இல்லை. பெரிய வரி ஒன்றை எடுங்கள். நாங்கள் எடுத்தது இரண்டாம் மாடித் தளம். அகலம் 6 மீட்டர், நீளம் 14 மீட்டர், கனம் 150 மில்லிமீட்டர். படிக்கட்டுக்கான திறப்பு 2.5க்கு 3 மீட்டர்.

6 × 14 = 84 சதுர மீட்டர். திறப்பு 7.5ஐக் கழித்தால் 76.5. அதை 0.15ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 11.5 கன மீட்டர். பட்டியலில் இருந்தது 13.86. எப்படி வந்தது என்று தேடினோம். திறப்பைக் கழிக்காமல் 84 × 0.15 = 12.6, அதன் மேல் 10 சதவீதம் சேதாரம். சரியாக 13.86!

அடுத்த வரி பீம். அகலம் 200, உயரம் 450 மில்லிமீட்டர், மொத்த நீளம் 46 மீட்டர். அவர் முழு உயரத்தையும் போட்டு 4.14 கன மீட்டர் என்று எழுதியிருந்தார். ஆனால் பீமின் மேல் 150 மில்லிமீட்டர் தளத்தோடு சேர்ந்தது, அது தளத்தின் வரியிலேயே வந்துவிட்டது. கீழே தொங்கும் 300ஐ மட்டும் கணக்கிட்டால் 2.76தான் வரும். ஒரே கான்கிரீட்டை இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்.

மொத்தத் தொகை மாறாதபோது இதனால் என்ன என்று மச்சான் கேட்டார். பணம் பட்டியல்படி போகும்போது கட்டமைப்பு வேலையின் பங்கு ஊதியிருந்தால், ஆரம்ப மாதங்களிலேயே நாம் கூடுதலாகக் கொடுத்துவிடுவோம். வேலை குறைந்தாலோ, ஊதிப்போன அளவால் தாழ்ந்து தெரியும் அலகு விலையில்தான் நமக்குக் கழிவு கிடைக்கும்.

கம்பிக்கும் ஒரு சின்னச் சோதனை உண்டு. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். இங்கே வழக்கத்தில் உள்ள 13 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.04 கிலோ. ஊர்ப் பழக்கத்தில் 12 என்று கணக்குப் போட்டால் 0.89தான் வரும். பட்டியலில் எது என்று பாருங்கள்.

கான்ட்ராக்டரிடம் போய் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "லாரியில் கான்கிரீட் கொஞ்சம் கூடத்தானே ஆர்டர் பண்ணுவோம் தம்பி" என்றார். ஆர்டர் அளவு வேறு, கட்டடத்தில் நிற்கும் அளவு வேறு. முன்னது அவர் சைட் கணக்கு. அளவைத் திருத்தி, சேதாரத்துக்காக அலகு விலையைக் கொஞ்சம் ஏற்றி, மொத்தத்தை அப்படியே வைத்தார். நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

நான்கு மாதம் கழித்து அக்காவுக்கு ஹாலின் மேலே திறந்தவெளி இருந்தால் தேவலை என்று தோன்றியது. இன்ஜினியர் டிராயிங்கைத் திருத்தி மறுபடி அனுமதி வாங்கினார். தளத்தில் 6 சதுர மீட்டர் குறைந்தது, அதாவது 0.9 கன மீட்டர் கான்கிரீட், அதற்குரிய கம்பி, 6 சதுர மீட்டர் பலகை அடைப்பு. திறப்பின் விளிம்பில் புதிதாக ஒரு பீம் வந்ததால் கழிவில் ஒரு பகுதி அதற்கே போய்விட்டது. சமையலறை மேசையில் பட்டியலை விரித்து வைத்து, அந்த இரண்டு வரிகளின் விலையைப் பெருக்கி, டீ ஆறுவதற்குள் கணக்கு முடிந்தது.