பெரியவர்கள் வாழ்த்தும்போது நாம் சொதப்பும் இடங்கள்

கல்யாண மேடையின் ஓரத்தில் நின்று, வாழ்த்த வருகிறவர்களை வரிசையாக ஏற்றி இறக்குவது என் தொழில். யார் அட்சதைத் தட்டைப் பிடிப்பது, எந்தப் படியில் இறங்குவது என்று பார்த்துக்கொண்டே இருந்தாலும் காதில் விழுவதெல்லாம் வாழ்த்துதான். 'நல்லா இருங்க', 'தீர்க்க சுமங்கலியா இரு', 'மகராசனா இருப்பா', 'ஆல்போல் தழைச்சு அருகுபோல் வேரோடணும்'. வாழ்த்துகிறவர்கள் தடுமாறுவதே இல்லை. தடுமாறுவது பொண்ணும் மாப்பிள்ளையும்தான். என் கல்யாணத்தில் நான் உளறிய அதே பதில்கள், ஒரு எழுத்து மாறாமல் இன்னும் வருகின்றன.

ஒரு கையால் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டே இன்னொரு கையால் போனைத் தடவுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதை வீட்டிலேயே சொல்லித் திட்டியிருப்பார்கள்.

'நீங்களும்' என்று திருப்பிக் கொடுப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். பொங்கலுக்கு ஒருவர் வாழ்த்துச் சொன்னால் 'உங்களுக்கும்' என்கிறோம். அது சரி, பண்டிகை இருவருக்கும் பொது. அந்தப் பழக்கத்திலேயே பெரியவர்களின் ஆசிக்கும் 'நீங்களும்' என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஆசி மேலிருந்து கீழே வருவது. நாம் பதிலுக்குத் தருவது வணக்கமும் பணிவும்தான், அதே ஆசியை அல்ல.

மதுரைப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பத்தா மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்தவர். நல்ல காரியத்தில் முன்னால் போய் நிற்கக் கூடாது என்று காலமெல்லாம் ஒதுக்கப்பட்டவர், தானும் ஒதுங்கிப் பழகியவர். பேரன் இரண்டு முறை ஆள் அனுப்பி, மூன்றாவது முறை தானே இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். மேடையில் ஏறியதும் கிழவி அட்சதையை எடுக்கத் தயங்கினார். நான்தான் தட்டை அருகில் நீட்டினேன். நாலு அரிசியை இரண்டு விரலால் எடுத்துப் போட்டு, பொண்ணின் தலையில் கை வைத்து, 'தீர்க்க சுமங்கலியா இரு தாயி' என்றார். பொண்ணு சிரித்த முகத்தோடு, 'நீங்களும் பாட்டி!' என்றது.

வேண்டுமென்று சொல்லவில்லை. காலையிலிருந்து இருநூறு பேருக்கு அதே பதிலைச் சொல்லிய வாய். ஆனால் பின்னால் நின்ற அத்தைமார் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அப்பத்தா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, 'எனக்கு எங்க தாயி' என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் விருந்துக்கு அவர் வரவில்லை. 'பொண்ணு குத்திக் காட்டிருச்சு' என்று ஒரு அத்தை ஆரம்பித்து வைக்க, அந்தப் பேச்சு ஓய ரொம்ப நாள் ஆனதாகச் சொன்னார்கள்.

அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கலாம்? ஒன்றுமே சொல்லாமல் குனிந்து, எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும். வாய் திறக்க வேண்டுமென்றால், 'சரிங்க அப்பத்தா, நீங்க மேடைக்கு வந்ததே எங்களுக்குப் பெரிசு.' இதில் வந்த வாழ்த்தைத் திருப்பவில்லை, வாழ்த்தியவரைத்தான் பேசுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

எல்லா வாழ்த்தையும் திருப்பக் கூடாது என்றும் இல்லை. வெறும் 'நல்லா இருப்பா' என்றால் 'நீங்களும் நல்லா இருக்கணும் பாட்டி' என்று சொல்லலாம், இதமாகவே இருக்கும். உடம்பு சுகம், கூட இருப்பது, இந்த இரண்டையும் பெரியவர்களுக்காக நாம் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் தாலி, பிள்ளை, படிப்பு, உத்தியோகம், வயசு என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லி வாழ்த்தினால் திருப்பாதீர்கள். அந்த ஒன்று அவருக்கு வாய்க்காமல் போயிருக்கலாம், அல்லது வாய்த்துக் கைநழுவியிருக்கலாம். தொண்ணூறு வயசுத் தாத்தா 'நூறு வயசு இருக்கணும்' என்று வாழ்த்தும்போது 'நீங்களும் தாத்தா' என்றால் அவருக்குப் பத்து வருஷம்தான் பாக்கி என்று ஆகிவிடும். 'அதுவரைக்கும் நீங்க கூட இருந்து பாக்கணும் தாத்தா' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

எதுவும் தோன்றாத நேரத்துக்கு ஒரு பதில் கைவசம் இருக்கட்டும்: 'எல்லாம் உங்க ஆசீர்வாதம்தான்.' யாருக்குச் சொன்னாலும் புண்படாது.

வாழ்த்து முடியும் முன்பே எழுந்துவிடுவது

'தீர்க்காயுசா இரு' என்பது குனிந்து நிமிர்வதற்குள் முடிந்துவிடும். ஆனால் சில பாட்டிகள் குலசாமியைக் கூப்பிட்டு, ஆல்போல் தழைத்து, மூங்கில்போல் சுற்றம் சூழ என்று நீட்டிக்கொண்டே போவார்கள். பாதியில் நீங்கள் எழுந்தால் மிச்சத்தை முழுங்கிவிடுவார்கள். எப்போது எழுவது என்பதற்கு நான் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லும் அடையாளம் ஒன்றுதான்: தலையில் இருக்கும் கையின் கனம் குறையும். அல்லது அந்தக் கை தோளுக்கு இறங்கித் தூக்கிவிடப் பார்க்கும். அதுவரை குனிந்தே இருங்கள். திருநீறு பூச வருகிறவர் என்றால் எழுந்ததும் முகத்தைக் கொஞ்சம் காட்டி நில்லுங்கள், உடனே படத்துக்குத் திரும்பினால் திருநீறு கண்ணுக்குள் போகும்.

'தேங்க்ஸ்'

தப்பில்லை. தாத்தா, அத்தை என்று பின்னால் ஒரு முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வாழ்த்துக்கு விளக்கம் கொடுப்பது

'அடுத்த வருஷம் கையில பிள்ளையோட வரணும்.' இதைக் கேட்டதும் சிலர் 'ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருக்கோம் பெரியம்மா' என்று தொடங்கிவிடுகிறார்கள். பெரியம்மா கணக்குக் கேட்கவில்லை, வாழ்த்தினார். நீங்கள் விளக்கம் கொடுத்த மாத்திரத்தில் அது விசாரணையாகிவிடும்: ஏன், எதுக்கு, டாக்டரைப் பாத்தீங்களா. வரிசையும் நின்றுவிடும். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆன தம்பதிக்கு இந்த வாழ்த்து குத்தும் என்பது எனக்கும் தெரியும். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்: 'உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் பெரியம்மா.' அதுவும் சொல்ல மனசில்லையா, 'சாமிகிட்ட சொல்லி வைங்க பெரியம்மா' என்று விடுங்கள். வாக்கும் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை, மேலே பேச்சும் வளராது.

இதே கதைதான் கல்யாணமாகாத பையனிடம் 'சீக்கிரம் உனக்கும் ஆகணும்' என்று சொல்லும்போதும். 'எனக்கு இதுல இஷ்டமில்ல' என்று சாப்பாட்டுப் பந்தியில் கொள்கை விளக்கம் வேண்டாம். தலையை ஆட்டி, 'சரிங்க மாமா' போதும்.

'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்'

மைக் முன்னால் மட்டும்.

வேறு வழிபாட்டுக்காரர் வாழ்த்தினால்

'கர்த்தர் ஆசீர்வதிப்பாராக' என்று ஒருவர் நெற்றியில் சிலுவை போட்டால், உங்களுக்கு 'ஆமென்' பழக்கமென்றால் சொல்லுங்கள். பழக்கமில்லை என்றால் கைகூப்பி 'சரிங்கய்யா' என்றால் போதும். இரவல் வார்த்தையைத் தடுமாறிச் சொல்வதைவிட அது நன்றாக இருக்கும்.

போனைச் சட்டென்று வைத்துவிடுவது

பாட்டிகளின் வாழ்த்து போனில் கடைசியில்தான் வரும். 'சரி, வெச்சிரவா' என்று நீங்கள் சொன்ன பிறகு, ஒரு மூச்சு விட்டு, 'நல்லா இரு சாமி' என்பார்கள். அதற்குள் உங்கள் விரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கும். 'வைக்கவா' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். வாழ்த்து வந்ததும், 'சரிங்க பாட்டி, நேரத்துக்கு மாத்திரை போடுங்க' என்று சொல்லிவிட்டு, அவர் வைத்த பிறகு வையுங்கள்.