துப்பறிவாளருக்குப் பெயர் அமைந்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பின்னணியில் துப்பறியும் தொடர். நாயகன் பெயர் மாணிக்கம். முதல் தலைப்பு ‘மாணிக்கமும் பால் வாளியும்’ நன்றாகவே இருந்தது. அடுத்து ‘மாணிக்கத்தின் சைக்கிள்’, ‘மாணிக்கத்துக்கு ஒரு கடிதம்’. வரிசையாக வைத்துப் பார்த்தால் தொடராகவே தெரியவில்லை. முன்னால் ‘துப்பறியும்’ சேர்த்தேன். தலைப்பு நீண்டதுதான் மிச்சம். எழுத்து அளவை மாற்றியும் பலனில்லை.

கோளாறு பெயரின் வாலில் இருந்தது. ‘அம்’ என்று முடியும் பெயர், வேற்றுமை உருபு ஏறியதும் ‘அத்து’ என்று உருமாறிவிடும். ஐகாரத்தில் முடிந்தால் மாறாது என்று ‘துரை’ வைத்தேன்: துரையின், துரைக்கு. ஆனால் தோட்டத்தில் துரை என்றால் மேனேஜர்! வாசகர் குழம்புவார்.

அப்புறம் ‘வேலு’. வேலுவும், வேலுவின், வேலுவுக்கு: எதைச் சேர்த்தாலும் பெயர் முழுசாக நிற்கிறது. இரண்டே எழுத்து, அட்டையில் பெரிதாகவும் போடலாம். அப்பாடா, தலைப்புகள் இப்போது ஒரே குடும்பம்.