பரிந்துரைக் கடிதத்துக்கு ப்ராஜெக்ட் நோட்டோடு வாருங்கள்

ஸ்காலர்ஷிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிற மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது ப்ராஜெக்ட் நோட்டைத்தான். மதிப்பெண் எப்படியும் விண்ணப்பத்திலேயே இருக்கும். ‘கடின உழைப்பாளி’ என்பதோ எல்லாக் கடிதத்திலும் இருக்கும்.

வேதியியல் மாணவி ஒருத்தி தாமிரபரணியில், பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்தாள். முதல் தடவை பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் கல்லூரிக்குக் கொண்டுவந்தாள். அளவு தாறுமாறாக வந்தது. வழியிலேயே ஆக்சிஜன் அளவு மாறிவிடும் என்று அவளே கண்டுபிடித்து, அடுத்த முறை மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் எடுத்துப்போய், படித்துறையிலேயே மாதிரியில் சேர்த்து, ஆக்சிஜன் அளவு மாறாமல் நிறுத்திவிட்டாள். (நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது!) இதைத்தான் கடிதத்தில் நாலு வரி எழுதினேன். ‘தன் தவறைத் தானே கண்டு திருத்துபவர்’ என்ற வரி அதற்குப் பிறகுதான் வந்தது; முன்னால் போட்டிருந்தால் யார் நம்புவார்கள்?

குழு ப்ராஜெக்ட் என்றால் நீங்கள் செய்த பகுதி எது என்று தனியாகக் குறித்துக் கொடுங்கள். அப்புறம், எந்தப் பாடத்தில், எத்தனை செமஸ்டர் எங்களிடம் படித்தீர்கள் என்பதையும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் மட்டும் வராதீர்கள்.