காண்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகுமா? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

வெளிநாடு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஆள் எடுத்துத் தரும் ஒரு ஏஜென்சி வழியாக வந்த ஆறு மாத காண்ட்ராக்ட். நேர்காணலின் கடைசியில், "இது பெர்மனென்ட் ஆகுமா?" என்று கேட்டேன். "நல்லா பண்ணா கண்டிப்பா வாய்ப்பு இருக்கு" என்றார் மேனேஜர். அந்த ஒரு வரியை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது மாதம் அதே மேனேஜரே சங்கடத்தோடு வந்து, "உங்களை எடுத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் ஏஜென்சிக்குக் கட்ட பட்ஜெட் இல்லை" என்றார். ஏஜென்சிக்கு ஏன் கட்ட வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஏஜென்சி வழியாகப் போகும் காண்ட்ராக்டில் மூன்று தரப்பு உண்டு. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்வது கம்பெனியில். ஆனால் சம்பளம் தருவது பெரும்பாலும் ஏஜென்சி. கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும் இடையே தனியாக ஓர் ஒப்பந்தம் இருக்கும், அது உங்கள் கண்ணில் படாது. குறிப்பிட்ட காலத்துக்குள் உங்களைக் கம்பெனி நேரடியாக எடுத்துக்கொண்டால் ஏஜென்சிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற விதி அதில் இருப்பது சகஜம். உதாரணமாக, உங்கள் ஆண்டுச் சம்பளம் 60,000, கட்டணம் அதில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்களை நிரந்தரமாக்க 12,000 கூடுதலாகச் செலவாகும். சில ஒப்பந்தங்களில் நீங்கள் வேலை செய்த மாதங்கள் ஏற ஏற இந்தத் தொகை குறையும், ஒரு கட்டத்தில் இல்லாமலே போகும். ஆறு மாதத்தில் முடியும் வேலைக்கு, கட்டணம் பன்னிரண்டாம் மாதம்தான் தீரும் என்றால் என் கதைதான்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "நிரந்தரமாகுமா?" என்றால் எல்லோரும் "வாய்ப்பு இருக்கு" என்றுதான் சொல்வார்கள், சொல்வதில் அவர்களுக்கு நஷ்டமில்லை. மேனேஜரிடம், "கடந்த இரண்டு வருடத்தில் இந்த டீமுக்குக் காண்ட்ராக்டில் வந்தவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள்? இந்த வேலைக்கு நிரந்தர இடம் ஒப்புதல் ஆகிவிட்டதா, இல்லை இனிமேல்தான் கேட்க வேண்டுமா? முடிவு யார் கையில்?" என்று கேளுங்கள். ஏஜென்சியிடம், "கம்பெனி என்னை எடுத்துக்கொண்டால் கட்டணம் உண்டா, எந்த மாதம் வரை?" என்று கேளுங்கள். தொகையைச் சொல்லாவிட்டாலும், மாதத்தைச் சொல்லக்கூடும். "இடம் இன்னும் ஒப்புதல் ஆகவில்லை" என்று மேனேஜர் வெளிப்படையாகச் சொன்னால் அதைக் கெட்ட பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழுப்பலைவிட அது எவ்வளவோ மேல். கேட்பதற்குச் சரியான நேரம், உங்களை எடுப்பதென்று முடிவு செய்த பிறகு, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்.

அப்புறம், வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குவது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், "இதற்கு முன் பேசியவை எதுவும் செல்லாது, இந்த ஆவணமே முழு ஒப்பந்தம்" என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், உங்களுக்கு முக்கியமான வாக்குறுதி ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக ஏற வேண்டும். மறுத்தால், மின்னஞ்சலாவது அனுப்புங்கள்: "நேற்றுப் பேசியதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நான்காம் மாத இறுதியில் நிரந்தரம் பற்றிப் பேசுவோம், முடிவை இன்னார் எடுப்பார். தவறிருந்தால் திருத்தவும்." இது உத்தரவாதம் ஆகாதுதான். ஆனால் நான்காம் மாதம் அந்தப் பேச்சை எடுக்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். பதிலே வரவில்லை என்றால் அதிலிருந்தே விஷயம் புரிந்துவிடும்.

அதே மின்னஞ்சலில் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். ஒன்று, நிரந்தரமானால் காண்ட்ராக்டில் இருந்த மாதங்கள் பணிக்காலத்தில் சேருமா, இல்லை மறுபடியும் தகுதிகாண் காலம் தொடங்குமா. இரண்டு, சம்பளம் எதை வைத்துக் கணக்கிடப்படும். மணிக்கு 40 வாங்குபவர் வாரம் 40 மணி நேரம் என்று 52 வாரத்தால் பெருக்கி 83,200 என்று நினைத்துக்கொள்வார். சம்பளமில்லாத விடுப்பு, விடுமுறை நாட்கள் என்று ஆறு வாரம் கழித்தால் வரிக்கு முன் வருவது 73,600. நிரந்தரச் சம்பளத்தை இந்த இரண்டாவது எண்ணோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது என்றால் கூடுதல் கவனம் தேவை. அதில் இருப்பது ஏஜென்சியின் பெயரா, கம்பெனியின் பெயரா என்று பாருங்கள். ஏஜென்சி என்றால், நாற்காலி மாறாமல் நிரந்தரமாவதும்கூட விசா கணக்கில் வேலை மாற்றமாகலாம். புது விண்ணப்பத்தை யார் போடுவார்கள், செலவு யாருடையது, அது முடியும் வரை காண்ட்ராக்ட் நீளுமா என்பதையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள்.