ஸ்பான்சருக்கு நன்றி சொல்லுங்கள், விளம்பரம் வாசிக்காதீர்கள்

மாநாட்டுத் தொடக்க விழாவில் ஸ்பான்சர் அறிமுகம் விளம்பரமாகிவிடுவதற்கான காரணம் பெரும்பாலும் மேடைக்கு வெளியே இருக்கிறது. நிறுவனம் அனுப்பிய அறிமுகப் பத்தியை அமைப்பாளர்கள் அப்படியே தொகுப்பாளர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது வாடிக்கையாளரை ஈர்க்க எழுதப்பட்ட பத்தி. ‘முன்னணி’, ‘இணையற்ற’ போன்ற சொற்களை மேடையில் நிற்பவர் வாசித்தால், மாநாடே அந்த நிறுவனத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது போலாகிவிடும்.

நன்றிக்கும் விளம்பரத்துக்கும் நடுவே அமெரிக்க வரிச் சட்டம் தெளிவான கோடு போட்டிருக்கிறது. வரிவிலக்கு பெற்ற அமைப்பு தன் ஸ்பான்சரின் பெயர், சின்னம், முகவரி, தயாரிப்புகள் பற்றிய நடுநிலையான விவரம் ஆகியவற்றைச் சொன்னால் அது நன்றியறிவிப்பு. தரத்தைப் புகழ்ந்தாலோ, பிறரோடு ஒப்பிட்டாலோ, விலையைச் சொன்னாலோ, வாங்கத் தூண்டினாலோ அது விளம்பரம். மாநாடு எங்கே நடந்தாலும் உரையைத் திருத்த இது நல்ல அளவுகோல்.

ஆனால் புகழ்மொழிகளை வெட்டியதோடு நின்றுவிட்டால் வெறும் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். அதுவும் தவறுதான், பணம் கொடுத்தவருக்கும் அதில் மரியாதை இல்லை. அந்தப் பணத்தால் அரங்கில் இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம். நிறுவனம் அனுப்பிய வரி இப்படி இருக்கிறது: “தரவுச் சேமிப்பில் உலகின் நம்பகமான பெயர். எங்கள் அரங்குக்கு வந்து சிறப்புச் சலுகையைப் பெறுங்கள்!” தொகுப்பாளர் இப்படிச் சொல்லலாம்: “இங்கே பேசப்படுவதெல்லாம் உடனுக்குடன் திரையில் எழுத்தாக ஓடும். காது கேளாதவர்களும் உரைகளைப் பின்தொடர முடியும். அதற்கான செலவை ஏற்றுக்கொண்ட இன்ன நிறுவனத்துக்கு நன்றி. அவர்கள் தரவுச் சேமிப்பு மென்பொருள் தயாரிக்கிறார்கள். நுழைவாயிலின் இடப்பக்கம் அவர்களைச் சந்திக்கலாம்.” பெயர், தொழில், இடம் மூன்றும் வந்துவிட்டன. கேட்பவர்களும் திரையைப் பார்க்கும்போது அந்தப் பெயரை நினைப்பார்கள்.

இதற்காக வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள். பணம் பொதுநிதிக்குப் போயிருந்தால், ஒரு குறிப்பிட்ட செலவை அந்த நிறுவனத்தின் பெயரில் ஒட்டாதீர்கள். “மாநாட்டின் பொதுச் செலவில் பங்கெடுத்தவர்கள்” என்றே சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். எந்த வரிசையில் பெயர் வர வேண்டும், முழக்க வரியைச் சேர்ப்பதாக வாக்களித்திருக்கிறோமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். திருத்திய வாசகத்தைச் சில நாள்கள் முன்பே நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் கேளுங்கள். விழா நாள் காலையில் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த வேலையைத் தள்ளிப்போட்டதால் வருவது.

நன்றி சொல்லும் நேரத்தில் நிறுவனப் பிரதிநிதியிடம் ஒலிவாங்கியைக் கொடுப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். “இரண்டே நிமிடம்” என்று தொடங்கும் பேச்சைப் பாதியில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. பேச வாய்ப்புத் தருவதாக ஒப்பந்தம் இருந்தால், நிகழ்ச்சி நிரலில் தனி நேரம் ஒதுக்கி, அது ஸ்பான்சர் உரை என்று அச்சிலும் மேடையிலும் அறிவித்துவிடுங்கள்.